வாரிசும் இல்லை, உயிலும் இல்லை: சொத்து யாருக்கு?

முதலியார்பேட்டையில் பிள்ளையில்லாத ஒருவர் இறந்துவிட்டால், காரியம் முடிவதற்குள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "வாரிசு யாரும் இல்ல, வீடு கவர்மெண்டுக்குப் போயிடும்." இந்தப் பேச்சை நம்பித் தூரத்து உறவினர்கள் விலகிக்கொள்கிறார்கள். இதே பேச்சைப் பயன்படுத்திச் சம்பந்தமில்லாதவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். சட்டம் சொல்வது வேறு. அரசு வாரிசு வரிசையில் கடைசி ஆள். அதற்கு முன்னால் நிற்பவர்களின் வரிசை நாம் நினைப்பதைவிட மிக நீளம். அந்த வரிசையில் ஒருவரும் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பும் அரசின் தலையில்தான் இருக்கிறது.

இந்த அத்தியாயம் மூன்று கேள்விகளுக்கு விடை தருகிறது. இறந்தவருக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? வாரிசைத் தேடி எவ்வளவு தூரம் போக வேண்டும்? உண்மையிலேயே யாரும் இல்லை என்றால் அரசு எப்படி எடுத்துக்கொள்ளும்?

முதலில் கேட்க வேண்டியது: எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நேராகத் திறந்துவிடலாம். புதுச்சேரியில் அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு: இறந்தவர் ரெனோன்சான் குடும்பத்தைச் சேர்ந்தவரா?

பிரெஞ்சு சிவில் சட்டம் 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையால் இங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியர்கள் தங்கள் சாதி வழக்கப்படியே வாழலாம் என்றும் அந்த ஆணை விட்டுக்கொடுத்தது. பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணை இன்னொரு வழியைத் திறந்தது. விரும்பியவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். அந்த நிலை அவர்களின் சந்ததிக்கும் தொடர்கிறது. 1963 அக்டோபர் 1 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள்.

ஆகவே இறந்தவரின் தாத்தா காலத்துப் பதிவுகளைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் பதிவேட்டில் ஏறின. ரெனோன்சான்கள் துறப்பின்போது ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொண்டார்கள். தமிழ்ப் பெயரோடு, தலைமுறை தலைமுறையாக மாறாத ஒரு குடும்பப் பெயரும் ஒட்டி வந்தால் அது ஒரு அடையாளம். சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வீடுகளில், இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

இதனால் நடைமுறையில் வரும் வேறுபாடுகள் இரண்டு. முதலாவது, உயில். இந்தியச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி, இறந்தவர் முழுவதையும் தம் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டிருந்தால் சாட்சியே இல்லாமல் அது உயில். ரெனோன்சான் ஒருவரின் பெட்டியில் கிடக்கும் பழைய கடிதம்கூட உயிலாக இருக்கலாம். நொத்தேரிடம் எழுதிவைத்த உயிலும் இருக்கலாம். காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, உறவின் எல்லை. பிரெஞ்சுச் சட்டம் உறவைப் படிகளாக எண்ணுகிறது. பொது மூதாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்கும்போது எத்தனை தலைமுறை வருகிறதோ அத்தனை படி. உடன்பிறந்தவர் 2ஆம் படி, பெரியப்பா மகன் 4ஆம் படி. 1804இல் எழுதப்பட்ட சட்டம் 12ஆம் படி வரை வாரிசாக ஏற்றது. பிரான்ஸ் 1917இல் அதை 6ஆம் படியாகச் சுருக்கியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இப்படி ஓர் எல்லையே கிடையாது. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும், இரத்த வழியைக் காட்ட முடிந்தால் அவர் வாரிசு.

ரெனோன்சான் குடும்பம் என்று தெரிந்தால் பிரெஞ்சுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கும் விதிகள் வேறு. இனி வருவது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி நடக்கும் கணக்கு.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதலியார்பேட்டையில் தனியாக வாழ்ந்த 78 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். கணவர் பஞ்சாலைத் தொழிலாளி, முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பெற்றோரும் உடன்பிறந்த ஒரே அண்ணனும் எப்போதோ போய்விட்டார்கள். உயில் இல்லை. விட்டுச்சென்றவை மூன்று: கணவரிடமிருந்து வந்த வீடு, அப்பா வழியில் பாகூர்ப் பக்கம் வந்த ஒரு மனை, தையல் வேலையில் சேர்த்து வங்கியில் போட்ட பணம்.

"யாருமே இல்லாதவங்க" என்று தெருவே சொல்லும். ஆனால் சட்டம் மூன்று சொத்துக்கும் மூன்று வழியில் ஆள் தேடுகிறது. பெண்ணின் சொத்துக்கான விதி 15ஆம் பிரிவில் இருக்கிறது. பிள்ளை இல்லாத பெண்ணுக்குச் சொத்து எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி.

கணவர் வழியில் வந்த வீடு கணவரின் வாரிசுகளுக்குப் போகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கணவர் இறந்த நாளில் யார் இருந்தார்கள் என்று பார்க்கக் கூடாது. மனைவி இறந்த மறுகணம் கணவர் இறந்ததாக வைத்துக்கொண்டு, அன்று உயிரோடு இருப்பவர்களைத் தேட வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. கணவருக்குத் தம்பி, தங்கை இருவரும் இறந்துவிட்டார்கள் என்று வைப்போம். தம்பியின் மகன் மர்செய் நகரில் இருக்கிறார், தங்கையின் மகள் விழுப்புரத்தில் இருக்கிறார். சட்டத்தின் அட்டவணையில் இருவரும் ஒரே படியில் வருகிறார்கள். வீடு ஆளுக்குப் பாதி. தங்கை மகள் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்பதால் அவர் பங்கு குறையாது. தம்பி மகன் முப்பது ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதும் அவருடைய உரிமையைப் போக்காது.

அப்பா வழியில் வந்த மனை அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். அண்ணன் இறந்துவிட்டாலும் அவருடைய பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கே அது.

சொந்த உழைப்பில் சேர்த்த பணத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிறந்த வீட்டார்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டார்கள், பணம் அவர்களுக்குத்தான் என்று எண்ணுவது இயல்பு. சட்டமோ இதையும் முதலில் கணவரின் வாரிசுகளுக்குக் கொடுக்கிறது. அங்கே யாரும் இல்லையென்றால்தான் தாய் தந்தை, பிறகு தந்தையின் வாரிசுகள், கடைசியாகத் தாயின் வாரிசுகள். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் இதையே உறுதிசெய்தது. மணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, பெற்றோர் வீட்டில் வளர்ந்து படித்து வேலைக்குப் போன பெண் சேர்த்த சொத்து கணவர் வீட்டாருக்குப் போனது. அநியாயமாகப் படுகிறதுதான். நீதிபதிகளும் அனுதாபத்தால் சட்டத்தின் சொல்லை மாற்ற முடியாது என்றார்கள்.

இப்போது கணக்கை இன்னும் இறுக்குவோம். கணவர் பக்கம் பங்காளி, பெண்வழி உறவு என எங்கே தேடியும் ஒருவரும் இல்லை. கணவர் வழி வந்த வீடு உடனே அரசுக்குப் போய்விடுமா? போகாது. பஞ்சாப் அரசு எதிர் பல்வந்த் சிங் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்குப் பதில் சொன்னது. கணவரிடமிருந்து சொத்துப் பெற்ற பெண் இறந்தார். கணவரின் வாரிசு யாரும் இல்லை. அரசு உரிமை கோரியது. அந்தப் பெண்ணின் சகோதரருடைய பேரன் எதிர்த்து நின்றார். கணவர் வழி சொத்துக்கான தனி விதி வரிசையை மட்டுமே மாற்றுகிறது, மற்ற வாரிசுகளை ஒழித்துவிடவில்லை என்றது நீதிமன்றம். சொத்து பேரனுக்குப் போனது. நம் கணக்கிலும் அப்படியே: அண்ணனின் பேரன் ஒருவர் இருந்தாலும் அரசுக்கு இடமில்லை.

தேடுவது எப்படி?

வம்ச வரைபடம் ஒன்றை எழுதுங்கள். இறந்தவர், கணவர் அல்லது மனைவி, இருவரின் பெற்றோர், தாத்தா பாட்டி என்று மேலே ஏறுங்கள். ஒவ்வொரு மூதாதையிடமிருந்தும் எல்லாக் கிளைகளிலும் கீழே இறங்குங்கள். பெண்கள் வழிக் கிளைகளை விட்டுவிடுவதே வழக்கமாக நடக்கும் தவறு. அத்தைகளின் பிள்ளைகளையும் சித்திகளின் பேரப்பிள்ளைகளையும் யாரும் எழுதுவதில்லை. வாரிசு பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

புதுச்சேரிக் குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. பிரான்ஸ், ரீயூனியன், பழைய சைகோன் என்று போனவர்களின் கிளைகள். கல்யாணப் பத்திரிகைகளின் பழைய கட்டு, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு மூன்றும் இதற்கு நல்ல துணை. பெயர் கிடைத்ததும் நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவில் சான்று எடுத்து ஒவ்வொரு கண்ணியையும் காகிதத்தில் நிறுவ வேண்டும். உறவு இருந்தால் போதாது, காட்டவும் வேண்டும். இடையில் ஒரே ஒரு தலைமுறைக்குச் சான்று இல்லாமல் வழக்கு தோற்பதுண்டு.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் நெருங்கிய உறவுக்குத்தான் எளிதில் கிடைக்கும். தூரத்து உறவுக்கு சிவில் நீதிமன்றத்தில் வாரிசு என்று அறிவிக்கக் கோரும் வழக்குதான் வழி. வங்கிப் பணத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று பெற வேண்டும்.

பத்தாண்டு கேட்காத பணம் அரசுப் பணம் அல்ல

வங்கியில் பத்து ஆண்டுகள் யாரும் தொடாத பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். 2014இல் தொடங்கிய ஏற்பாடு இது. பணம் இடம் மாறுகிறதே தவிர உரிமை போவதில்லை. வாரிசு எப்போது வந்து நிரூபித்தாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தெரியாவிட்டால், 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய udgam.rbi.org.in தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

காப்பீட்டுப் பணத்தில் மட்டும் காலக்கெடு உண்டு. பத்தாண்டு கேட்காத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அதன்பின் 25 ஆண்டுகளுக்குள்ளும் யாரும் கோராவிட்டால் ஒன்றிய அரசுக்குச் சேர்ந்துவிடும்.

நாமினி என்று பதிந்திருப்பவர் பணத்தை வாங்கிவைப்பவர், அவ்வளவுதான். அவர் வாரிசுக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 1984இலிருந்து சொல்லிவருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் நாமினி என்பதால் பணம் அவருடையதாகிவிடாது.

உண்மையிலேயே யாரும் இல்லையென்றால்

அப்போதுதான் 29ஆம் பிரிவு வருகிறது. சட்டப்படி வாரிசாகத் தகுதியுள்ள ஒருவரும் இல்லையென்றால் சொத்து அரசைச் சேரும். ஆனால் வருவாய்த் துறை அதிகாரி வந்து பூட்டுப் போட்டு "இது இனி அரசுச் சொத்து" என்று எழுதிவிட முடியாது.

ஹரித்வாரில் அப்படித்தான் நடந்தது. கச்சி லால் ராமேஸ்வர் ஆசிரமத்தின் சொத்தை, வாரிசு இல்லை என்று சொல்லி மாவட்ட ஆட்சியர் தாமே முடிவெடுத்து எடுத்துக்கொண்டார். உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. சொத்து யாருடையது என்ற கேள்வியை ஆட்சியர் தீர்மானிக்க முடியாது, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை என்றது. வாரிசு இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமை கனமானது என்றும் சொன்னது. அரசு விளம்பரம் கொடுத்து, விசாரித்து, பின் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். அதுவரை வீட்டைப் பாதுகாக்கலாம், பொருள்களைப் பட்டியலிடலாம். உரிமையாளர் ஆகிவிட முடியாது.

உயில் இருந்தால் 29ஆம் பிரிவின் கதவே திறக்காது. விவேகானந்தருக்குத் துணை நின்ற கேத்ரி அரச குடும்பத்தின் கதை இதற்குச் சான்று. கடைசி அரசர் சர்தார் சிங் 1987இல் பிள்ளையில்லாமல் இறந்தார். கல்விக்காக ஒரு அறக்கட்டளைக்கு எல்லாவற்றையும் 1985இல் உயிலாக எழுதியிருந்தார். ராஜஸ்தான் அரசு, வாரிசற்ற சொத்து என்று கைக்கொண்டது. 2012இல் உயில் ஏற்கப்படவில்லை. 2023இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஏற்றது. 2025இல் உச்ச நீதிமன்றமும் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. வென்றதற்குக் காரணம் உயில். ஆனால் அதற்குள் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அரசு எடுத்துக்கொண்டாலும் சொத்தை மட்டும் எடுக்க முடியாது. ஒரு வாரிசுக்கு இருக்கும் எல்லாக் கடனும் பொறுப்பும் அரசுக்கும் உண்டு என்று 29ஆம் பிரிவே சொல்கிறது. நம் பழைய சென்னை மாகாணத்து மசூலிப்பட்டணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கிலேயே இது பேசப்பட்டது. பிராமணர் சொத்தை அரசன் எடுக்கக் கூடாது என்ற சாஸ்திர வாதத்தை 1860களின் தொடக்கத்தில் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை, வாரிசில்லாச் சொத்து அரசுக்கே என்றது. அதே சமயம், கைம்பெண் நியாயமான தேவைக்காக வாங்கிய கடன் அரசையும் கட்டுப்படுத்தும் என்றது. ஆகவே இறந்த அம்மாவுக்குக் கடன் கொடுத்தவர்களும், மருத்துவச் செலவைத் தாங்கியவர்களும் ரசீதுகளைப் பத்திரமாக வைத்து உரிமை கோரலாம்.

எந்த அரசு? அரசமைப்புச் சட்டத்தின் 296ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் இருக்கும் உரிமையாளரற்ற சொத்தை மாநிலத்துக்கும் மற்றதை ஒன்றியத்துக்கும் தருகிறது. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதி. எனவே அரசின் மீது வழக்குப் போடுவதற்கு முன் அனுப்பவேண்டிய இரண்டு மாத அறிவிப்பை ஒன்றிய அரசு, புதுச்சேரி நிர்வாகம் இரண்டுக்கும் அனுப்புங்கள். வழக்கிலும் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார், வாடகைதாரர், பராமரித்தவர்

வாடகைதாரர் வாடகையை நிறுத்தக் கூடாது. "நான்தான் வாரிசு" என்று வருகிறவரிடம் சான்று பார்க்காமல் கொடுக்கவும் கூடாது. மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்து, வாரிசு யாரென்று முடிவானதும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவருக்கு அந்தப் பணிவிடையால் மட்டும் உரிமை வராது. வீட்டில் எத்தனை ஆண்டு தங்கியிருந்தாலும், அனுமதியோடு தங்கியவர் உரிமையாளர் ஆக முடியாது. இது கடுமையான விதிதான். இதற்கு ஒரே மருந்து, அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே எழுதும் உயில்.

இறந்த பிறகு திடீரென உயில் அல்லது பொது அதிகாரப் பத்திரம் முளைத்தால் மூன்றைப் பாருங்கள். அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர் இறந்ததும் செத்துவிடும், அதன்பின் அதை வைத்து நடந்த கிரயம் செல்லாது. உயிலின் இரு சாட்சிகள் யார், அவர்களுக்கு இறந்தவரைத் தெரியுமா என்று விசாரியுங்கள். உயிலில் உள்ள கையெழுத்தை ஓய்வூதியப் புத்தகம், வங்கிச் சீட்டு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் வில்லங்கச் சான்று எடுத்து, சார்பதிவாளருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வீடு கைமாறிய பிறகு வழக்கு நடத்துவதைவிட, மாறுவதற்கு முன் தடுப்பது பல மடங்கு எளிது.

தனியாக வாழ்பவருக்கு

உயில் எழுத முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாள் போதும். சொத்துகளை ஒவ்வொன்றாகச் சர்வே எண்ணோடு எழுதி, யாருக்கு என்று பெயர், ஊர், தகப்பன் பெயரோடு குறிப்பிட்டு, நிறைவேற்றப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, உயிலால் பயனடையாத இரு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் காணாமல் போகாது, போலி என்று சொல்வதும் கடினம். ஒவ்வொரு ஐந்தாண்டுக்கும் எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதியவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தப் பங்கு மறுபடியும் வாரிசு வரிசைக்கே போய்விடும். ஆகவே அவருக்கு அடுத்து யார் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.